வணக்கத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரர் அரங்கசாமி நல்ல மனுஷர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். ஆனால் அவரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு மட்டும்தான் தெரியும், அந்த நல்ல மனுஷர் எப்படி உயிரை வாங்குவார் என்று.

விஷயம் இதுதான். அவருக்கு ஒருத்தரிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் நேரே போய்க் கேட்க மாட்டார். போய் நின்று, "வணக்கமுங்க" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். மற்றவர்கள் சொல்லும் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இவருடையது நகராது. சொன்ன இடத்திலேயே நின்று எதிராளியின் முகத்தைப் பார்க்கும். அவர் நிமிர்கிறாரா, கையில் இருக்கும் வேலையை விடுகிறாரா, பதில் வணக்கம் நிதானமாக வருகிறதா, விரட்டுகிற மாதிரி வருகிறதா என்று அளந்து பார்க்கும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் போதும். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதானுங்க" என்று திரும்பி வந்துவிடுவார். எதையும் கேட்கவில்லை, எதுவும் மறுக்கப்படவில்லை. வெறும் வணக்கம் சொன்னதற்காக யாரும் யாரையும் அவமானப்படுத்த முடியாது பாருங்கள். அந்தத் தைரியத்தில்தான் அவர் வாழ்க்கை ஓடியது.

கணபதி என்கிற பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மழைக்கு ஓடு ஒழுகியது. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அந்த அம்மா மகராசி, இவரைப் பார்த்ததும் "வாங்க வாங்க, உக்காருங்க, என்ன விஷயம், சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் வரவேற்றிருக்கிறார். முறைத்தால் ஓடி வருவதாவது நியாயம். இவர் அதற்கும் ஓடி வந்துவிட்டார். "அவங்க உடனே என்ன விஷயம்னு கேட்டுப்போட்டாங்க அம்மணி" என்றார். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? அந்த மழைக்காலம் முழுக்க வீட்டின் நடுவில் அண்டாவை வைத்துக்கொண்டு படுத்தோம்.

போகப் போக எனக்குப் பிடிபட்டது. முகம் கொடுக்காவிட்டால் சுருங்கிவிடுவார். விழுந்து விழுந்து விசாரித்தாலும் சுருங்கிவிடுவார். அவர் சொன்ன வேகத்திலேயே வணக்கத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, போகவும் செய்யாமல், கேட்கவும் செய்யாமல், பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். அப்போதும் விஷயம் வராது. முதலில் வெயிலைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒன்று சொல்வார். அது இரண்டாவது சோதனை. அதற்கும் பதில் பதமாக வந்தால், "எங்க கூட்டாளி ஒருத்தருக்கு இப்படி ஆயிப்போச்சுங்க" என்று தொடங்குவார். அந்தக் கூட்டாளி இவரேதான். இவ்வளவுக்கும் பொறுமை உள்ளவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கே பாதி நாள் இருக்காது.

அவருக்கு நூல் மில்லில் வேலை. கார்டிங் பகுதியில் மேஸ்திரி. பஞ்சைச் சிக்கெடுத்து வாரும் இடம் அது. காற்றே வெள்ளையாக இருக்கும். வீட்டுக்கு வரும்போது புருவம் நரைத்த கிழவராக வருவார், குளித்தால் மறுபடி வயது குறையும். தொண்ணூற்று நாலாம் வருஷம் இருமல் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் கொஞ்சம் அடங்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகிக்கொள்ளும். டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்து பேருக்குத்தான். தூசியை விட்டு வெளியே வந்தாத்தான் நுரையீரல் தப்பும். மில்லுல சொல்லி வேற இடத்துக்கு மாறிக்குங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நல்ல நேரமோ என்னவோ, நூல் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்த நரசிம்மலு அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. குடோனில் தூசி கிடையாது. மூட்டை எண்ணி ஏற்றி அனுப்புகிற வேலை. யாரைப் போடுவது என்பது நூற்பு வேலைக்கெல்லாம் அதிகாரியான ஸ்பின்னிங் மாஸ்டர் சாய்குமார் கையில் இருந்தது. புதிதாக வந்த இளவட்டம், யாரிடமும் அதிகம் பேசாது என்று சொன்னார்கள். இவர் போய் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

போனார். "வணக்கமுங்க சார்" என்றார். மாஸ்டர் "வணக்கமுங்க" என்றார். கையில் இருந்த பேனா அந்தரத்தில் நின்றது. "எழுதறதை நிறுத்திப்போட்டுப் பார்த்தாருங்க. தொந்தரவு பண்றேன்னு நினைச்சிருப்பாரு. ஒண்ணுமில்லீங்க சார்னு வந்துட்டேன்" என்று எனக்கு விளக்கம் வேறு.

"ஏனுங்க, எழுதிட்டே இருந்தா முகம் கொடுக்கலைங்கறீங்க. நிறுத்தினா தொந்தரவுங்கறீங்க. அந்த மனுஷன் பேனாவை என்னதான் பண்ணணும்?"

பதிலுக்கு இருமல்தான் வந்தது.

மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். நான் வீட்டில் ஒத்திகை பார்த்து அனுப்பினேன். நான்தான் மாஸ்டர். "வணக்கம் சொன்ன கையோட, குடோனுக்கு மாத்துங்கன்னு சொல்லிப்போடுங்க. நடுவுல மூச்சு விடாதீங்க" என்றேன். வீட்டில் நன்றாகத்தான் சொன்னார். மில்லில் வணக்கத்தோடு நின்றுவிட்டார். வாசலில், கேன்டீனில், மிஷின் பக்கத்தில் என்று எங்கு பார்த்தாலும் இவர் வணக்கம் சொல்வாராம், மாஸ்டரும் சொல்வாராம், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிரிவார்களாம். கேட்கக் கேட்க எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நானே போய்க் கேட்கிறேன் என்றேன். "நீ மில்லுக்கு வந்தீன்னா நான் வேலையையே விட்டுப்போடுவேன்" என்றார். அதை மட்டும் தங்குதடை இல்லாமல் சொன்னார்.

நரசிம்மலுவின் கடைசி வாரமும் முடிந்தது. திங்கட்கிழமை காலையில் புது ஆளின் பெயரைப் பலகையில் ஒட்டிவிடுவார்கள் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவரோடு பேசவில்லை. வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"வணக்கமுங்க அக்கா. அரங்கசாமி அண்ணன் ஊடு இதுதானுங்களா? நான் மில்லுல மாஸ்டருங்க, சாய்குமார்."

உள்ளே பாயில் இருந்தவர் அந்தக் குரலைக் கேட்டதும் கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டார். ஏற்கெனவே கழுவின சைக்கிளை மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க. என்ன விஷயமுங்க?" என்றேன். வாய் பழகிவிட்டது, என்ன செய்ய.

"ஒண்ணுமில்லீங்க. இந்தப் பக்கமா வந்தேன். சும்மா."

எங்கள் வீட்டுக்கு அப்புறம் தெருவே கிடையாது, சுவர்தான் இருக்கிறது. இந்தப் பக்கமாக யாரும் எங்கேயும் போக முடியாது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வணக்கம் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டு, ஸ்கூட்டர் சாவியைத் திருகிக்கொண்டு, என் முகத்தை அளந்துகொண்டிருந்தது அந்தப் பிள்ளை. எனக்குச் சட்டென்று புரிந்தது. கடவுளே, இன்னொன்றா!

ஆத்திரத்தை அப்படியே விழுங்கினேன். "உக்காருங்க தம்பி" என்று முக்காலியைத் தள்ளிவிட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவரைக்காயை உரித்தேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வாயை மூடிக்கொண்டு இருப்பது மாவு ஆட்டுவதைவிடப் பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இங்கெல்லாம் தண்ணி நல்லா வருதுங்களா அக்கா?"

"வருதுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

அவரும் ஒரு அவரைக்காயை எடுத்து உரித்தார். நார் சரியாக வரவில்லை. நான் கண்டுகொள்ளவில்லை.

"போன வருஷம், முன்னால இருந்த மில்லுல ஒரு பெரிய மேஸ்திரியைக் குடோனுக்குப் போறீங்களான்னு கேட்டேனுங்க" என்றார் காயைப் பார்த்தபடியே. "அவரு வேண்டாதவனைத் தள்ளி வெக்கறாங்கன்னு நினைச்சுட்டாரு. கணக்கை முடிச்சுட்டுப் போயிட்டாருங்க. அதுல இருந்து பெரியவங்ககிட்டப் பேச்செடுக்கவே பயமா இருக்குதுங்க. அரங்கசாமி அண்ணன் இருமறதைப் பார்த்து மனசு கேக்கலை. தினமும் அவரு வணக்கம் சொல்லுவாரு. இன்னைக்குக் கேட்டுரலாம்னு எழுதறதை விட்டுப்போட்டுப் பார்ப்பேன். அவரு ஒண்ணுமில்லீங்கன்னு போயிருவாரு. நம்ம மேல கோவமோன்னு நானும் விட்டுட்டேனுங்க. வேற ஒருத்தர் பேரை எழுதி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலைல ஒட்டணும். ஒட்டறதுக்கு முன்னால..."

மீதியை அவர் முடிக்கவில்லை. முறத்தைத் தூக்கி எறியாமல் இருந்தது என் பொறுமைதான். ஒரு மாதமாக இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே விஷயத்தை மடியில் கட்டிக்கொண்டு வணக்கம் சொல்லி விளையாடியிருக்கிறார்கள். நடுவில் ஒரு நுரையீரல் கெட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க!" என்று கொல்லைப் பக்கம் கத்தினேன். "இங்க வாங்க!"

ஈரக் கையோடு வந்தார். "வணக்கமுங்க சார்."

மாஸ்டர் எழுந்து நின்றார். "வணக்கமுங்க அண்ணா."

நின்றார்கள். மறுபடியும் நின்றே விட்டார்கள்! இவர் அவர் முகத்தைப் பார்க்கிறார். அவர் இவர் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. நான் சொல்லிவிட்டால் காரியம் நடந்துவிடும். ஆனால் பொண்டாட்டி கேட்டு வாங்கின வேலை என்று இவர் அந்தப் பக்கமே போகமாட்டார், எனக்குத் தெரியும். ஒரு அவரைக்காயை எடுத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டேன். பச்சைக்காய்.

மாஸ்டர் மெதுவாக மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போகிற அவசரம் தனக்கு இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இவரும் படியில் உட்கார்ந்தார். முறத்தில் கையை வைத்தார்.

"அவரைக்காய் இப்ப பிஞ்சா வருதுங்க சார்" என்றார்.

"ஆமாங்க."

"எனக்கு மூச்சு முட்டுதுங்க சார்."

காய் என் வாயிலேயே நின்றது.

"மில்லு மாடிப்படி ஏறினா நடுவுல நின்னுதான் ஏறறனுங்க. ராத்திரி படுத்தா அடைக்குது. அம்மணி தூங்கின பொறகு எந்திரிச்சு, செவுத்துல சாஞ்சு விடியற வரைக்கும் உக்காந்துக்குவேன். இவளுக்குத் தெரியாதுங்க. சொன்னா பயந்துக்குவா. அந்தக் குடோனை எனக்குக் குடுங்க சார்."

"குடோன் உங்களுக்குத்தானுங்கண்ணா. நாளைக்கு நேரா அங்க வந்துருங்க. கார்டிங்குக்குள்ள காலே வெக்காதீங்க" என்றார் மாஸ்டர்.

காபி போடுகிறேன் என்று உள்ளே எழுந்து போனேன். அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. விடியும் வரை உட்கார்ந்திருந்தாராம். பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதாம். பயந்துக்குவாளாம். அந்த மனுஷரை என்ன செய்தால் தகும்? கோபத்தில் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வாசலில் இருமல் கேட்டது. அதற்குப் பிறகு அவர் குரல். அது எப்போது தொடங்கியது, கை காலெல்லாம் எப்படிச் சோர்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் மாஸ்டர் "ம்" என்பது மட்டும் கேட்டது. இவ்வளவு பேச்சை அந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. காபியைக் கொண்டுபோனால் நிறுத்திவிடுவார். அதனால் பாலை அடுப்பில் ஏற்றாமல், கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.