குளுக்கோசும் கம்பியின் வேகமும்

நாற்பது வயதுக்குப் பிறகு பாரம் தூக்கத் தொடங்கியவள் நான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்முக்கு என்னைக் கூட்டிப் போனவள், ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலை செய்யும் என் சிநேகிதி. போன வருடம் பாரம் தூக்குபவர்கள் கரைத்துக் குடிக்கும் கிரியேட்டின் மாவில் எனக்கு ஆசை வந்தது. குடித்தால் பலம் கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கூடுகிறதா என்று அறிய அவளிடமே உதவி கேட்டேன்.

ஜிம்மில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதிலிருந்து வரும் நூலைப் பாரம் தூக்கும் கம்பியில் கொழுவினால், கம்பி மேலே எழும் வேகத்தைத் தொலைபேசி காட்டும். ஒரே பாரம் வேகமாக எழுந்தால் ஆற்றல் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் எதுவும் குடிக்காமல் சில வாரங்கள் அளந்தோம். அதே பாரம், அதே நேரம். அப்போதே எண் நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. "உந்த ஆட்டத்தை மிஞ்சினால்தான் நம்பலாம்," என்றாள்.

பிறகு ஒவ்வொரு நாளும் சுவையில் பிடிபடாதபடி சீனி போட்ட புளிப்புத் தேசிக்காய்ச் சாற்றில் எதையோ கலக்கித் தந்தாள். எப்போது கிரியேட்டின், எப்போது வெறும் குளுக்கோஸ் என்று சொல்லக்கூடாது என்பது என்னுடைய கட்டளைதான். கிரியேட்டின் குடித்தால் எடை ஏறும், அது காட்டிக்கொடுத்துவிடும் என்று எடை பார்க்கும் தராசையும் நான் தொடவில்லை.

முதல் வாரமே கம்பி பறந்தது.

"பாத்தியே, வேலை செய்யுது!" என்று கத்தினேன்.

"ம்," என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் அடுத்த வாரங்களில் எண் பழைய இடத்துக்கே வந்தது. நான் சோர்ந்துபோனேன். அவள் சாற்றை நிறுத்தவில்லை.

கடைசி நாள் அவள் உண்மையைச் சொன்னாள். "முதல் மாதம் நீ குடிச்சது குளுக்கோஸ். கிரியேட்டின் பிறகுதான். அதை முதல்லை தந்தால் உடம்பிலை இருந்து இறங்கக் கனநாள் எடுக்கும், குளுக்கோஸ் மாத எண்ணும் பிழைச்சிடும்."

"அப்ப நான் பறந்தது?"

"நம்பிக்கையிலை பறந்தனி."

எனக்குக் கோபம் வந்தது. அப்படியே சிரிப்பும் வந்தது. கிரியேட்டின் குடித்த இரண்டாம் கட்ட எண்களைக் காட்டினாள். முதல் தூக்கின் வேகம் வழக்கமான ஆட்டத்துக்குள்தான் இருந்தது. ஆனால் கடைசிச் சுற்றுகளில் வேகம் முன்போல் விழவில்லை.

"அது கிரியேட்டினாலையா?"

"இருக்கலாம். இவ்வளவு நாள் பயிற்சி செய்ததாலையும் இருக்கலாம். ஒரு ஆளை வைச்சு நான் சத்தியம் செய்யமாட்டன்."

இப்போதும் நான் அந்த மாவைக் குடிக்கிறேன். ஆனால் நன்றி அவளுக்குத்தான். வேலை முடிந்து களைத்து வந்த மாலைகளிலும் என் பக்கத்தில் குந்தியிருந்து நூலைக் கொழுவினாள். நான் துள்ளியபோது தானும் சேர்ந்து துள்ளாமல், நான் சோர்ந்தபோது பொய் ஆறுதல் சொல்லாமல், கேட்டதைக் கேட்டபடி செய்தாள். அப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்திருக்கிறாள்.