குடிபோதையில் என்று ஒரு வரி

நீதிமன்ற வாசலில் என் மேசைக்கு அடுத்த மேசை டைப் அக்காவுடையது. நான் ஸ்டாம்பு விற்கிறவன். இருபத்திரண்டு வருடமாக ஊரார் குறைகளையெல்லாம் அவர் தட்டித் தள்ளியிருக்கிறார். வாய் பேசாது, விரல்தான் பேசும். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருப்பேன்.

அவர் கணவர் சாலைக்கு அந்தப் பக்கத்து அச்சகத்தில் மெஷின்மேன். ஒரு பகலில் அங்கிருந்து எங்கள் பக்கமாகச் சாலையைக் கடக்கும்போது ஏதோ ஒரு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போனது. ஆள் பிழைக்கவில்லை. அக்காதான் போலீசில் புகார் கொடுத்தார். பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் மட்டும். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும், அழுகையை அப்படித்தான் நான் மறைப்பேன்.

ஏழாம் மாதம் ஏட்டு ஒரு நோட்டீஸோடு வந்தார்.

"கேஸை முடிச்சாச்சும்மா. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து போடுங்க."

குடிபோதையில் தானே வாகனத்தின் குறுக்கே பாய்ந்தார், வாகனமும் தெரியவில்லை, மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று எழுதியிருந்தது. அக்கா அந்த முதல் வார்த்தையிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிச்சாச்சுன்னு இவர் சொன்னா முடிஞ்சிடுமா?" என்று நான் குதித்தேன்.

முடியாதென்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இப்படி எத்தனை பேருக்கு ஆட்சேப மனு அடித்துக் கொடுத்திருப்பார். போலீஸ் தருவது அறிக்கைதான். அதை ஏற்பதா வேண்டாமா என்பது மாஜிஸ்ட்ரேட் கையில். புகார் கொடுத்தவர் பேச்சைக் கேட்காமல் அவர் கோப்பை மூடக்கூடாது. கையெழுத்து நோட்டீஸ் கிடைத்ததற்கு மட்டும்தான், சம்மதத்துக்கு இல்லை. அக்கா போட்டுக் கொடுத்தார்.

அக்காவுக்காக ஆஜரான வக்கீலம்மா அறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்துக் கொதித்துப்போனார். நாற்றம் அடித்ததென்று யாரோ ஒருவர் சொன்னதுதான் மொத்த ஆதாரம். அச்சகத்தில் மை கழுவும் தின்னர் நாற்றம் அந்த மனிதர் சட்டையை விட்டு என்றைக்குப் போயிருக்கிறது? உடலிலிருந்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு வருவதற்குள் கோப்பைக் கட்டிவிட்டார்கள். நடந்ததைப் பார்த்திருக்கக்கூடிய எதிர்க் கடைக்காரரை விசாரிக்கவே இல்லை.

"மாஜிஸ்ட்ரேட் ஒத்துக்கிட்டு மூடலாம், மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லலாம், ஆதாரம் போதும்னா அவங்களே வழக்கா எடுக்கலாம். நாம மேல் விசாரணை கேப்போம்" என்றார் வக்கீலம்மா.

தன் மனுவைத் தானே அடித்தார் அக்கா. அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

விசாரணை நாளில் மாஜிஸ்ட்ரேட் அம்மா மனுவைப் புரட்டினார். "கணவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு அவர் குடிக்கலைன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அக்கா மனுவை வாங்கிப் பார்த்தார். அந்த வரியை அவர் எல்லோருக்கும் அடிப்பார். செத்துப்போனவர் யாராக இருந்தாலும் விரல் தானாக அதற்குப் போய்விடும். தன் வீட்டுக்காரருக்கும் போயிருக்கிறது.

"இந்த வரியை எடுத்திருங்கம்மா" என்றார்.

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அப்படியே போய் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது.

"அவர் எப்பவாவது குடிப்பார். அன்னிக்குக் குடிச்சாரான்னு எனக்குத் தெரியாது. ஒரு சண்டை. பதினோரு நாளா நாங்க பேசிக்கல. நான்தான் பிடிவாதமா இருந்தேன். குடிச்சிருந்தா என்னாலதான் குடிச்சிருப்பார். அதை யாராவது தெரிஞ்சு சொல்லுங்கம்மா. தெரியாமலே எழுதி மூடிட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது?"

மாஜிஸ்ட்ரேட் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். அறிக்கையை ஏற்கவில்லை. ஆய்வக முடிவைப் பெற வேண்டும், எதிர்க் கடைக்காரரை விசாரிக்க வேண்டும், மேல் விசாரணை செய்து புதிதாக அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவானது.

மூன்று மாதம் கழித்து அந்த அறிக்கை வந்தது. வேன் இன்னும் கிடைக்கவில்லை, தேடுகிறார்களாம். ஆய்வகத்தார் மதுவின் தடயம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இந்த முறை குடிபோதை என்ற பேச்சே இல்லை.

நான்தான் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பாத்தியாக்கா, நீ வீணா மனசைப் போட்டு உழப்பிக்கிட்ட" என்றேன், பெரிய ஆறுதல் சொல்கிறவன் மாதிரி.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு சாலையைப் பார்த்தார்.

"நிதானமாத்தான் இருந்திருக்கார் தம்பி. அப்ப எதுக்கு இந்தப் பக்கம் வந்தார்? இந்தப் பக்கம் அவருக்கு என்னை விட்டா யாருமில்லையே."