பக்கத்து இருக்கையின் கால்

டாக்சி நிறுவனத்தில் போன் எடுத்து வண்டி அனுப்பும் வேலையில் பல வருஷம் இருந்தவள் அவள். எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்கு 'ஏனக்கா' என்று பெயர். அந்த நிறுவனத்தை வேறொருவர் வாங்கி, போன் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்ததும், வேலை போனதற்காகக் கைக்கு வந்த பணத்தில் சிறியதாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கினாள்.

பேக்கரியில் வேலை பார்க்கும் அவள் கணவனுக்கு இது பிடிபடவே இல்லை. "உனக்கு வண்டி ஓட்டத் தெரியும், சரி. சொல்லிக்கொடுக்கத் தெரியுமா?" என்றான்.

"தெரிஞ்ச ஆளை வச்சுக்குவேன். எனக்கு வேற ஒண்ணு தெரியணும். ஒரு ஆளுக்கு எந்த இடத்துல ஓட்ட வருது? நேத்து வராதது இன்னைக்கு எப்படி வருது?"

அவன் மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

புதுக் கார் மேல் கண் வைக்காமல், ஒருவர் கை மாறிய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். மெக்கானிக் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் பொருத்தினார். "கத்துக்கிறவங்க வண்டியில கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். அதுக்குன்னு மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வைங்க" என்று அப்போதே சொன்னார்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட், சொந்த உபயோகத்துக்கான பாலிசியை நீட்டினார். அது மலிவு.

"கத்துக்கிற பொண்ணு ஓட்டும்போது போய் இடிச்சா இது பணம் தருமா?" என்று கேட்டாள்.

ஏஜெண்ட் பேனாவை மூடினார். "அது வந்து... பயிற்சிக்குன்னு சொல்லி எடுத்தாதான் தரும்."

பயிற்சிக்கான பாலிசி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதோடு ஒரு நிபந்தனை: எந்த விபத்திலும் செலவின் முதல் பகுதியைப் பள்ளியே ஏற்க வேண்டும், அதற்கு மேல் வருவதைத்தான் நிறுவனம் தரும். விலை கழுத்தைப் பிடித்தாலும் அதையே எடுத்தாள்.

ஆசிரியராக வந்தவர், முதுகுவலியால் லாரியை விட்டு, பயிற்சி கொடுக்கும் லைசென்ஸ் வாங்கியிருந்த ஒருவர். எல்லாரும் அவரை லாரிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். மாணவர் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாததால், நடத்தும் பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசினாள். அந்த விபத்துச் செலவின் முதல் பகுதியில் பாதி அவர் பங்கு என்றும் சேர்த்துக்கொண்டாள். அவரும் தலையாட்டினார்.

காலையிலும் மாலையிலும்தான் எல்லாருக்கும் பாடம் வேண்டும். வேலைக்குப் போகும் முன், வேலை முடிந்த பின். நடுப்பகலில் கார் வெயிலில் சும்மா கிடந்தது. இன்சூரன்ஸோ சும்மா கிடக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது. அதனால் நடுப்பகல் பாடத்துக்குக் கட்டணத்தைக் குறைத்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய அம்மாக்களும், பிற்பகல் ஷிஃப்ட் போகும் ஒரு நர்ஸும் வந்து சேர்ந்தார்கள். கால அட்டவணை மூச்சு விட இடமில்லாமல் நிறைந்தது. ஒரு பாடம் முடிந்த இடத்திலேயே அடுத்தது ஆரம்பம்.

லாரிக்காரரிடம் படித்தவர்கள் அருமையாக ஓட்டினார்கள். வண்டி குலுங்காது, அணைந்து நிற்காது. அவள் பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்து மலைத்துப்போனாள். ஆனால் தேர்வுக்குப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தோற்று வந்தார்கள். நர்ஸ் இரண்டாம் முறையும் தோற்றபோது அழவில்லை, வியந்தாள்.

"மேட்டுல வண்டி அணைஞ்சு போச்சுக்கா. இங்க ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல. அந்த அதிகாரி பக்கத்துல உக்காந்தாலே எனக்கு என்னமோ ஆயிடுது."

"உனக்கு மட்டுமா? எல்லாருக்கும் அந்த மேட்டுலதானே ஆகுது?" என்றாள் ஏனக்கா. பயம் என்றால் ஆளுக்கு ஒரு இடத்தில் அல்லவா தடுமாற வேண்டும்? ஒரே இடத்தில் எல்லாருக்கும் எப்படி?

இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்தாள். தேர்வு வண்டியும் இதே கார்தான். சாலையும் இதே ஊர்ச் சாலைதான். மாறியது ஒன்றே ஒன்று: பக்கத்து இருக்கையில் இருப்பவர்.

மெக்கானிக்கிடம் போனாள். "பக்கத்துப் பெடலை யாராவது தொட்டா எரியற மாதிரி ஒரு சின்ன பல்பு வைக்க முடியுமா?"

"யாரைப் பிடிக்கப் போறீங்க?" என்று சிரித்தார் அவர்.

"யாரையும் இல்ல. எனக்குப் பாக்கணும்."

ஒளித்து வைக்க அவளுக்கு மனமில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னாள். லாரிக்காரரிடமும் சொல்லிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. "நான் எங்க தொடறேன்? அவசரத்துக்குத்தானே" என்றார்.

நர்ஸ் ஓட்ட, ஏனக்கா பின்னால் உட்கார, கார் புறப்பட்டது. தெருமுனை வருவதற்குள் பல்பு எரிந்தது. சிக்னலில் எரிந்தது. மேட்டில் ஏறும்போது பல்பு அணையவே இல்லை. லாரிக்காரர் முதலில் பல்பில்தான் கோளாறு என்றார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ வேறொருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஐயோ, இது எப்ப அங்க போச்சு?"

நர்ஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "அப்ப இவ்வளவு நாளா பாதி வண்டியை நீங்கதான் ஓட்டினீங்களா?"

"சத்தியமா எனக்கே தெரியாதும்மா."

ஏனக்கா முன்பக்கம் சாய்ந்தாள். "அண்ணே, வண்டி அணைஞ்சா உங்களுக்கு என்ன ஆகும்?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "பின்னால வர்றவன் இடிச்சிட்டா செலவுல பாதி என் தலையில. இடிக்கலைன்னாலும் நேரம் போகும். அடுத்த பாடம் தவறினா அந்தக் கூலி போச்சு. கால் தானா போயிருக்கும் போல."

காலை அங்கே அனுப்பியது தன் ஏற்பாடுதான் என்று ஏனக்காவுக்குப் புரிந்தது. ஒரு குழந்தை ரேடியோவைப் பிரித்துப் பார்த்துவிட்ட மாதிரி, அவள் முகத்தில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது.

அன்று மாலையே பேசினார்கள். விபத்துச் செலவு இனி முழுக்கப் பள்ளியுடையது. அவருக்கு மாதச் சம்பளம். பாடம் ரத்தானாலும் குறையாது. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே கால் மணி நேர இடைவெளி. அதனால் நாளுக்கு இரண்டு பாடம் குறைந்தது. அதை ஈடுகட்டக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

"வர்ற ஆளையும் விரட்டிட்டியா?" என்றான் கணவன்.

"போனவங்க போகட்டுங்க. இருக்கறவங்க ஓட்டுவாங்க."

அடுத்த சில வாரம் பள்ளியின் கார் ஊர் சிரிக்கும்படி குதித்தது. அணைந்தது, இருமியது, மேட்டில் பின்னால் உருண்டது. லாரிக்காரர் பிரேக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். ஓர் அம்மா பின்பக்க பம்பரைக் கம்பத்தில் நசுக்கினார். பழுதுச் செலவு பள்ளி ஏற்க வேண்டிய பகுதிக்குள்ளேயே அடங்கியதால் இன்சூரன்ஸுக்கு எழுதாமல் ஏனக்காவே கட்டினாள். எழுதினால் அடுத்த வருஷப் பிரீமியம்தான் ஏறும். கிளட்ச் தட்டும் மெக்கானிக் சொன்னபடியே சீக்கிரம் தேய்ந்தது. எடுத்து வைத்த பணம் அதற்குச் சரியாகப் போயிற்று.

ஆனால் நர்ஸ் மூன்றாம் முறை மேட்டில் வண்டியை நிறுத்தி, மூச்சு விட்டு, ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். "கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு கால்ல தெரிஞ்சுதுக்கா. காதுலயும் கேட்டுது" என்று போனில் கத்தினாள். ஏனக்கா அவளை அதோடு விடவில்லை. சத்தம் எப்படி மாறியது, முதலில் காதுக்கா காலுக்கா தெரிந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித்தான் நர்ஸ் தப்பிக்க வேண்டியிருந்தது.

பள்ளி பெரிதாகிவிடவில்லை. அதே ஒரு கார், அதே லாரிக்காரர். கடனெல்லாம் இல்லை, மிச்சமும் அதிகமில்லை. இப்போது பின்னால் எடுப்பதற்குப் பலரும் தலையைத் திருப்பாமல் கண்ணாடியையே ஏன் வெறிக்கிறார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லாரிக்காரருக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது. பாடம் முடிந்து இறங்கியதும், "இன்னைக்கு ஒண்ணு பாத்தேன், கேளுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்.