மூன்று சலவை தாங்கிய காலர்

உங்கள் அம்மா வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு மாதம் படுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். முதுகெலும்பில் நோய். கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டு மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. நான் ஆம்பூரில் ஒரு தையல் கடையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். நாலு மணிக்கு உள்ளே விடுவார்கள், ஆறு மணிக்கு வெளியே அனுப்புவார்கள். ஏழு நாளைக்கு இரண்டு மணி நேரம்.

மற்ற ஆறு நாளும் மிஷினை மிதித்துக்கொண்டே, இப்போது தண்ணீர் கேட்பாளா, யார் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போனால் அவளுடைய சேலை கொடியில் தொங்கும். அதை மடித்து வைக்க மனசு வராது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு பாய் தையல் கடை வைத்திருந்தார். வார்டு ஆட்களிலும் கம்பவுண்டர்களிலும் பாதிப்பேருக்குச் சட்டை, கால்சட்டை எல்லாம் அங்கேதான். அங்கே ஒரு மிஷின் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்த இடம் கிடைத்தால் தினமும் நாலு மணிக்கு அவளைப் பார்க்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வெள்ளைச் சட்டைக்கும் கால்சட்டைக்கும் துணி வெட்டிக் கொடுத்தார்.

"தச்சு எடுத்துட்டு வாங்க மாஸ்டர். காலர், கஃப், இடுப்புப் பட்டி உள்ளாற இன்னா வெக்கிறதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க இஷ்டம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆம்பூரில் என் காலருக்குப் பேர் உண்டு. தோல் மண்டி முதலாளிகள் என்னைக் கேட்டு வருவார்கள். உள்ளே கெட்டி பக்ரம் வைப்பேன். பக்ரம் என்றால் பசை ஏற்றி விறைப்பாக்கிய முரட்டுத் துணி. தையல் ஓரத்தில் மாட்டாமல் அதை ஒரு நூல் அளவு குறைத்து வெட்டினால் காலர் முனை ஊசிபோல வரும். இந்தச் சட்டைக்கும் அதையே வைத்தேன். கை முனைப் பட்டியான கஃபுக்கும் அதே, இடுப்புப் பட்டிக்கு இரண்டு மடிப்பு. அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாய் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வார்டு ஆளைக் கூப்பிட்டு, "போட்டுக்கோ, சலவைக்குப் போட்டு வந்ததும் எனக்குக் காட்டு" என்றார். பிறகு என்னிடம், "நம்ம கடையில புதுச் சட்டைக்கு மார்க் கிடையாது மாஸ்டர். மூணு சலவை ஆவட்டும். அப்பத்தான் பாப்பேன்" என்றார்.

மூன்று சலவைக்கு வேலையே இல்லை. அடுத்த வாரமே அந்தச் சட்டை மேஜைமேல் கிடந்தது. காலர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கஃப் தொய்ந்து சுருண்டிருந்தது. இடுப்புப் பட்டி சுருங்கி, மேல்துணி மடிப்பு மடிப்பாக நின்றது.

"இது காலரா, சுட்ட அப்பளமா?" என்றார் பாய். மிஷினில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஆம்பூர்ல இப்படி ஆனதே இல்லீங்க பாய்."

"உங்க முதலாளிங்க சட்டைய வீட்ல பச்சைத் தண்ணியில அலசுவாங்க. இங்க ஆஸ்பத்திரி சலவை. சோடா போட்டுக் கொதிக்க வெப்பாங்க. பசை எங்க நிக்கும்?"

அவர் சொன்னது சரிதான். கொதிநீரில் பசை கரைந்துவிட்டது. பசை போனதும் பக்ரம் மேல்துணியைவிட ஜாஸ்தி சுருங்கிவிட்டது. இன்னொரு தடவை தைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். துணி கொடுத்தார். "இதான் கடைசி" என்றார்.

அன்றைக்கு நாலு மணிக்கு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மேலே பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு ஒருத்தர் மூஞ்சியும் முழுசாத் தெரியறதில்லைங்க. குனியறவங்க கழுத்துதான் தெரியுது. பாய் கடையில தைக்காதவங்க காலரெல்லாம் கொப்புளம்தான். அதுல ஒரே ஒரு கம்பவுண்டர் காலர் மட்டும் வழவழன்னு இருக்கும்."

"அவரு புதுச் சட்டை போட்டிருப்பாரு."

"புதுசா? முழங்கையில ஒட்டுப் போட்ட சட்டை. நான் கேட்டேன். அவங்க அக்கா தைக்கிறாங்களாம். உள்ள வெக்கிறதுக்குப் பழைய வேட்டியக் கிழிச்சுப்பாங்களாம்."

"கட்டில்ல படுத்துக்கினு ஊர்க் கதையெல்லாம் கேக்கிறியா?"

"வேற இன்னா வேலை எனக்கு? நீங்கதான் ஆறு நாள் வர்றதில்லையே."

மணி அடிக்கிறவரை அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போதுதான் எனக்குப் புரிந்தது. பழைய வேட்டி நூறு தடவை வெளுத்தது. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்துவிட்டது. ஆனால் நைந்த துணி காலரை நிமிர்த்தி வைக்காது, வருஷம் தாங்காது. கெட்டிப் புதுத் துணியை எடுத்து, நானே அதைப் பழசாக்கினால் என்ன?

குடியாத்தம் தறிக்காரர் ஒருவரிடம் வெளுக்காத காடாத் துணி வாங்கினேன். சோடா போட்டுக் கொதிக்க வைத்துக் காயப்போட்டேன். அதையே மூன்று தடவை செய்தேன். முதல் தண்ணீர் கஞ்சியாக வந்தது, மூன்றாவது தெளிவாக நின்றது. மேல்துணியையும் ஒரு இரவு ஊறப்போட்டு உலர்த்தினேன். கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டிக்குக் காடா இரண்டு மடிப்பு. மடிந்து விழும் காலருக்கு ஒரே மடிப்பு, மேல்துணிக்கு இழை ஓடும் பக்கமே இதற்கும் ஓடும்படி வெட்டினேன். அப்போதுதான் சுருங்கினாலும் இரண்டும் சேர்ந்து சுருங்கும். கஃபை ஆட்கள் மடித்துவிட்டு வேலை செய்வார்கள், அதனால் அதற்கு மெல்லிய மல் துணி. இடுப்புப் பட்டிக்கு, கால்சட்டை தைக்கிற கெட்டி டிரில் துணி; தறியில் நீளமாக ஓடும் பாவு இழை பட்டியின் நீளவாக்கில். குறுக்கே வெட்டினால் இழுபட்டுத் தளர்ந்துவிடும். மல்லையும் டிரில்லையும்கூட முதலிலேயே கொதிக்க வைத்திருந்தேன். இந்தத் தடவை உள்ளே நகராமல் இருக்க உள்துணியைத் தையலில் பிடித்து, ஓரத்தை ஒட்ட வெட்டினேன். முனை கொஞ்சம் மழுங்கலாகத்தான் வந்தது. நான் வேலை செய்த ஆம்பூர் கடையின் மாஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, கை போயிடுச்சா?" என்றார்.

பாய் அதையும் அதே வார்டு ஆளிடம் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். பிறகு மூன்று வாரம். அந்த வாரங்கள் நகரவே இல்லை. அவளிடம் போனால் பேச்செல்லாம் அந்தச் சட்டைதான். முதல் சலவைக்குப் பிறகு அந்த வார்டு ஆள் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் குனிந்தாராம். "நல்லா இருக்குங்க" என்றாள். இரண்டாவது வாரம் அவர் வேறு வார்டுக்குப் போய்விட்டார். அவளுக்கும் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை பஸ்ஸிலேயே போய்விட்டேன். பாய் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலரை நகத்தால் தடவினார். கஃபை மடித்து விரித்தார். கால்சட்டைப் பட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"முனை அழகு கம்மி" என்றார். "ஆனா இது நிக்கும். நாளைக்கே வந்துடுங்க."

"தினம் நாலுலேர்ந்து ஆறு மணிவரைக்கும் விடணும் பாய். என் சம்சாரம் எதிரே ஆஸ்பத்திரியில இருக்கு."

அவர் சட்டையைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா தையலப் பாக்காம எடுத்துப்பீங்களோன்னு பயம்."

"மாட்டேன்" என்றார் பாய். "தினமும் போய்ட்டு வாங்க. ஆறரைக்கு மிஷின்ல இருக்கணும்."

ஓட்டமாக ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போனேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. காவல்காரர் விடவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். "நாலு மணிக்குச் சொல்லு" என்றார்.

எதிர்ப்பக்கம் சுவர் நிழலில் உட்கார்ந்தேன். அவள் கட்டிலை ஒட்டிய நாலாவது ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது. அதன் உள்ளே அவள் மேலே பார்த்துக்கொண்டு, சட்டை என்ன ஆனதோ என்று நினைத்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் தெரியாது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் கூப்பிட முடியாது. பசித்தது, எழுந்து போக மனசில்லை. நிழல் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் குணமாகி வீட்டுக்கு வந்து, உங்களைப் பெற்று வளர்த்து, போய் மூன்று வருஷம் ஆகிறது. எத்தனையோ நாள் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஆனாலும் இப்போது கண்ணை மூடினால் அந்தச் சுவரோரம்தான் வருகிறது. நாலு மணி எப்போது அடிக்கும் என்று அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.