படி ஏறுவாங்களா?

சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளும் வேலையில் சேர்ந்த பிறகு, எங்கள் மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. பாஸ்போர்ட் எடுக்க, விசா தேதி கேட்க, பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்க எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் வாரம் ஆறு நாள் பல்லாவரத்தில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கி வேலை செய்கிறவள். விடுமுறை நாளில் ரயிலேறி பொன்னேரிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது வந்து நிற்பார்கள். விமானத்தையே நான்தான் ஓட்டுகிறேன் என்பது போல என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

அப்படி ஒரு நாள் பெரியம்மாவே வந்தார். சொந்தப் பெரியம்மா இல்லை. கரையில் மீன் ஏலம் விடுகிறவர்; ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெரியம்மாதான். படகு வந்து கூடை இறங்கியதும் அவர் குரல் எழுந்தால் ஊரை ஒட்டிய ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பசியாவரத்தில் கேட்கும் என்பார்கள். வியாபாரிகளே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். சின்ன வயதில் நான் கூடையில் கைவிட்டு ஒரு இறாலை எடுத்ததற்கு அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அன்று மாலையே ஒரு கை நிறைய இறாலைப் பொட்டலம் கட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்பியதும் ஞாபகம் இருக்கிறது.

அவர் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். பிள்ளை பிறந்திருந்தது. மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டாள். சென்னையில் காலை பத்து மணிக்கு ஏறி, வளைகுடாவில் ஒரு ஊரில் இறங்கி, வேறு விமானம் மாற வேண்டும். கூட வர ஆள் இல்லை. அதனால் சக்கர நாற்காலிக்கு என்னிடம் சொல்லி வைக்கும்படி மகள் சொல்லியிருந்தாள்.

"நாற்காலி எனக்கு இன்னாத்துக்கு? அவ சொல்றான்னு கேக்குறேன்," என்றார் பெரியம்மா. அதைச் சொல்லும்போதே ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முட்டி இரண்டும் வீங்கித்தான் இருந்தன.

அவர் முன்னாலேயே விமான கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்காலி வேண்டும் என்றால் அவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். தூரம் நடக்க மட்டும்தான் முடியாதா, படி ஏறவும் முடியாதா, இல்லை, விமானத்துக்குள்ளே இருக்கை வரைக்குமே தூக்கிக்கொண்டுதான் போகணுமா? மூன்றுக்கும் வேறு வேறு குறிப்பு. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் போகிற ஊரிலெல்லாம் ஆளும் வண்டியும் தயார் செய்வார்கள்.

"பெரியம்மா, படி ஏறுவீங்களான்னு கேக்குறாங்க."

"ஏறாம? தினம் போட்ல ஏறி எறங்கிக்கினு கீறேன்."

அவர் படகில் ஏறி நாலு வருடம் ஆகிறது. எனக்கும் தெரியும். ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு "முடியாது" என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "படி ஏறுவாங்க, நடக்கத்தான் கஷ்டம்," என்று போனில் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பின்னால் எவ்வளவு வருந்தினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பயண நாளன்று சூப்பர்வைசர் அண்ணனிடம் கெஞ்சி, பெரியம்மாவின் நாற்காலியை என் பெயரில் போட்டுக்கொண்டேன். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். உள்ளே நுழையும் கதவு வரை நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பெரியம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி, வந்தவர்களுக்குக் கையசைத்து, புதுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். தூண் மறைவுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"எங்கடி வண்டி?"

உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். நான் கால்வைக்கும் தட்டை இறக்கி, அவர் பாதத்தை எடுத்து வைத்தேன். "என் காலைத் தொடாதே, நீ படிச்ச பொண்ணு," என்றார்.

பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுத்தோம். நாலு உறை சுற்றின கருவாடு அதற்குள்ளே இருந்தது. வாசனை வெளியே வரவில்லை என்று இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார். குடியேற்றச் சோதனையில் நாற்காலிக்குத் தனி வரிசை. நூறு பேரைத் தாண்டிப் போனோம். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வரிசையில நிக்கிறவன் வயிறு எரியாதா?" என்று கேட்டார். பாதுகாப்புச் சோதனையில் திரைக்குள்ளே பெரியம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தபடியே ஒரு பெண் காவலர் தடவிப் பார்த்தாள். வெளியே வந்ததும் பெரியம்மா, "சூது இல்லாத பொண்ணு. ஏலத்துக்கு வந்தா நம்பலாம்," என்றார்.

கேட்டுக்குப் போன பிறகுதான் அந்தச் சேதி வந்தது. விமானம் கட்டடத்தை ஒட்டி நிற்கவில்லை. தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் போய், படிக்கட்டில் ஏற வேண்டும்.

"பெரியம்மா, படி இருக்காம். நெறைய. ஏறுவீங்களா? முடியலேன்னா இப்பவே சொல்லுங்க, லிஃப்ட் வண்டி கேக்குறேன்."

"ஏறிடுவேன்டி. சும்மா பேசிக்கினே கீறே."

நாற்காலி பயணிகளையும் கைக்குழந்தைக்காரர்களையும்தான் முதலில் அனுப்புவார்கள். முதல் பஸ்ஸில் போனோம். வெயில் தரையிலிருந்து எழும்பியது. இரைச்சலில் காது அடைத்தது. படிக்கட்டின் அடியில் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டேன். பெரியம்மா எழுந்து கைப்பிடியைப் பிடித்தார். ஒரு படி. இன்னொரு படி. மூன்றாவது படியில் வலது காலை வைத்தார். இடது கால் வரவில்லை. நான் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிப் பிடித்தேன். அவர் உடம்பு நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது.

அதற்குள் இரண்டாவது பஸ்ஸும் வந்துவிட்டது. ஜனங்கள் இறங்கி, கீழே கூட்டமாக நின்றார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏலம் விடுகிற குரலில் இல்லாமல், நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"என்னால முடியல. எறக்கி வுட்று."

நானும் படிக்கட்டு அருகே நின்ற ஊழியர் ஒருவரும் சேர்ந்து அவரை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். இரண்டு சுமை ஏற்றும் ஆட்கள் வந்து, "நாற்காலியோட தூக்கிடலாமா, அக்கா?" என்று கேட்டார்கள். படிக்கட்டில் அப்படித் தூக்கக் கூடாது. தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. நான் மறுத்துவிட்டு வாக்கி டாக்கியில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். கம்பெனிப் பெண் ஒருத்தி பட்டியலோடு ஓடி வந்தாள்.

"படி ஏறுவாங்கன்னுதானே போட்டிருக்கு?"

"தப்பு என்னுதுங்க. போன்ல நான்தான் அப்படிச் சொன்னேன்," என்றேன்.

பெரியம்மா என் கையைத் தள்ளிவிட்டார். "பொய் சொல்றா, நம்பாதே. படி ஏறுவேன்னு சொன்னது நானு. முட்டி போயி நாலு வருசம் ஆவுது. யாருக்கும் சொல்லல."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "பரவால்லம்மா. எங்க பாட்டியும் இப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.

லிஃப்ட் வண்டி வேறு விமானத்தில் இருந்தது. இறக்கையின் நிழலில் நாற்காலியைத் தள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். கம்பெனிப் பெண் அங்கேயே நின்று, குறிப்பை மாற்றிவிட்டதாகச் சொன்னாள். இனி இவர் படி ஏற முடியாதவர் என்றுதான் மாறுகிற ஊருக்கும் இறங்குகிற ஊருக்கும் தகவல் போகும். அதைப் புரியும்படி பெரியம்மாவுக்குச் சொன்னேன்.

"எல்லா ஊருக்கும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

"சரி. சொல்லட்டும்," என்றார். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா, வேறு ஏதாவதா என்று நான் பார்க்கவில்லை.

வண்டி வந்தது. லாரி மாதிரிதான் இருக்கும். பின்னால் ஒரு சின்ன அறை, அந்த அறை அப்படியே மேலே எழும்பி விமானத்தின் கதவை ஒட்டி நிற்கும். நாற்காலியோடு உள்ளே போனோம். மேலே போகும்போது பெரியம்மா என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விமானத்துக்குள் இருக்கை வரை நடக்க அவரால் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்து பெல்ட் போட்டு, இவருக்காகக் காத்திருந்தார்கள். வழக்கமாக முதலில் ஏறி, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர். இப்போது அத்தனை பேர் நடுவில், ஒவ்வோர் இருக்கையின் முதுகாகப் பிடித்துப் பிடித்து நடந்தார். நாலாவது வரிசையில் அவர் குரல் திரும்பி வந்துவிட்டது.

"முட்டி போச்சுப்பா, அதான் லேட்டு. கோச்சிக்காதீங்க," என்றார் ஒரு பக்கம். "கொஞ்சம் காலை மடக்கும்மா," என்றார் இன்னொரு பக்கம். யாரோ எழுந்து கை கொடுத்தார்கள். ஒரு பெரியவர், "எனக்கும் அதே கதிதாம்மா," என்றார். பெரியம்மா நின்று, அவருக்கு எந்த முட்டி என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அவர் கழுத்தில் தொங்கிய பையில் பாஸ்போர்ட்டும் அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸும் இருக்கிறதா என்று சரிபார்த்து, பெரியம்மாவைப் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்தேன். "இறங்கும்போது அவசரப்படாதீங்க. எல்லாரும் போன பிறகு உங்களுக்கு ஆள் வரும். ஆள் வராம எழுந்திரிக்கக் கூடாது," என்றேன். அவர் என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். லிஃப்ட் வண்டியின் அந்த அறை கீழே இறங்கும்வரை நான் அழுதேன். வண்டி ஓட்டுகிற அண்ணன் பார்க்காதது போல இருந்தார்.

மறுநாள் பெரியம்மா, மகளின் போனிலிருந்து கூப்பிட்டார். வளைகுடா ஊரிலும் விமானத்தைத் தூரத்தில்தான் நிறுத்தினார்களாம். ஆனால் கதவைத் திறந்ததும் லிஃப்ட் வண்டி தயாராக நின்றதாம். அங்கிருந்து பேட்டரி வண்டியில் ஏற்றி, நாற்காலிக்காரர்களை மட்டும் உட்கார வைக்கிற ஓர் இடத்தில் விட்டார்களாம். மூன்று மணி நேரம். "மறந்துட்டாங்களோன்னு பயந்துட்டேன். அப்புறம் பாத்தா, என்னை மாதிரியே இருவது பேரு. ஒரு மலையாளத்துப் பையன் வந்து வந்து ஒன்னுக்குப் போணுமா, தண்ணி வேணுமான்னு கேட்டான். நானும் பக்கத்துல இருந்த தெலுங்கு அம்மாவும் பேசிக்கினே இருந்தோம். ரெண்டு பேருக்கும் நர்ஸ் பொண்ணு," என்றார். லண்டனிலும் ஆள் வந்து, பெட்டி எடுத்து, மகள் கையில் விட்டுவிட்டுத்தான் போனானாம்.

மூன்று மாதம் கழித்து அவர் திரும்பிய நாளில் எனக்கு வேறு கேட்டில் வேலை. ஓடி வந்து பார்ப்பதற்குள் போய்விட்டார். மனசு கொஞ்சம் சுருங்கித்தான் போனது. அந்த வாரம் ஊருக்குப் போனபோது அவரே வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு தடியும் ஒரு பொட்டலம் சாக்லேட்டும். மகள் வாங்கிக் கொடுத்த தடி. அதை ஊன்றித்தான் இப்போது ஏலக் கரைக்கும் போகிறாராம்.

"உன்னை எங்கயும் காணோம். வேற ஒரு பொண்ணுதான் தள்ளிக்கினு வந்துச்சு," என்றார்.

"நல்லா பாத்துக்கிட்டாளா, பெரியம்மா?"

"நல்லாத்தான் தள்ளுச்சு. ஒரு பள்ளம் மேட்டுல குலுக்கல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா வாயே தொறக்கல. நான்தான் பேசிக்கினே வந்தேன்."

சாக்லேட் வெயிலில் உருகி உறையோடு ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து என் வாயில் ஒன்று போட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டு உட்கார்ந்து, லண்டனில் மீன் விற்கிற விலையைச் சொல்ல ஆரம்பித்தார்.