இரண்டாம் ஸஹரும் ஓகஸ்ட் பதின்மூன்றும்

காத்தான்குடியில் புடவைக்கடை நடத்தி, பிறகு அதை மகனிடம் ஒப்படைத்துவிட்ட ஹாஜியார் எனக்கு முப்பத்தொரு வருட நண்பர். அவருடைய வீட்டில் யாராவது நம்ப முடியாத எதையாவது சொன்னால், "இது வாப்பாட நட்சத்திர மழை மாதிரி" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். இந்த வருடம் ஜூன் மாதத்தில் அவர் அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கதை இதுதான். பதினாறு வருடங்களுக்கு முன், இரண்டாம் நோன்புக்கான ஸஹர் நேரத்தில், அதாவது விடியுமுன் உண்ணும் நேரத்தில், மின்சாரம் இல்லாததால் அவர் காற்றுக்காக மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார். வானத்திலிருந்து தீக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்திருக்கின்றன. மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் அடுப்பில் கறி இருந்ததால் வரவில்லை. வந்தபோது பள்ளியில் பாங்கு சொல்லி, வானம் வெளுத்துவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் நோன்பின் முதல் மூன்று ஸஹரிலும் மனைவியை மாடிக்கு ஏற்றிவந்தார். மறு வருடம் ஒன்றிரண்டு தெரிந்தன, அவர் காட்டுவதற்குள் மறைந்தன. அப்புறம் அதுவும் இல்லை. பதினாறு வருடம், தலா மூன்று ஸஹர்: நாற்பத்தெட்டு தடவை படியேறியும் மனைவி ஒன்றையும் காணவில்லை.

சிரிப்பு நின்றதற்குக் காரணம் வேறு. அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. சாவியை, மருந்தை, பேரனின் பெயரை ஒருமுறை. நினைவாற்றல் கிளினிக்குக்கு மகன் கூட்டிப்போனான். வந்த பிறகு என்னிடம் அவர் கேட்டார்:

"மாஸ்டர், நான் அண்டைக்கு மாடியில அதக் கண்ட நானா? இல்லாட்டி அதுவும் என்ட மண்டைக்குள்ள நடந்ததா?"

"கண்டிருப்பீங்க ஹாஜியார்."

"இருப்பீங்க எண்டு சொல்லாதீங்க. அது பொய்யெண்டா, நான் ஞாபகம் வெச்சிருக்கிற மத்ததெல்லாம் எப்பிடி நம்புற?"

இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெட்கமும் ஒரு காரணம். கணித ஆசிரியராக ஓய்வுபெற்ற பின், பதினொரு வருடமாக நான் எரிகற்களை எண்ணி, வெளிநாட்டில் இந்த எண்ணிக்கைகளைச் சேர்க்கும் ஆட்களுக்கு அனுப்பிவருகிறேன். நண்பருடைய கதையை நூறு தரமாவது கேட்டிருப்பேன். கேட்டுச் சிரித்தேனே தவிர, ஒருநாளும் கணக்குப் பார்க்கவில்லை. "நோன்பு" என்றதும் அது அவர்களுடைய விஷயம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், அது இங்கிலீஷ் மாதம் எது என்று கேட்டேன்.

"நோன்பு மாசம்" என்றார்.

"அது தெரியும். வெயிலா, மழையா?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வாடியது. கேட்டிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். அப்போது குசினி அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்.

"மாமாங்கத் தீர்த்தம் முடிஞ்சு மூணாம் நாள் நோன்பு பிடிச்ச வருஷம் மாஸ்டர். திருவிழாவில கடை போட்டு, இவர் ரெண்டு பொட்டணி சாரன் விக்காமக் கொண்டு வந்தவர். அந்தச் சாரனத்தான் பெருநாளுக்கு உடுக்கச் சொந்தக்காரருக்கெல்லாம் குடுத்த."

"விக்காம இல்ல புள்ள. வெல கொறச்சுக் கேட்டாங்க, நான் குடுக்கல்ல."

"ஓம், ஓம். இது மட்டும் ஞாபகம் இருக்கு."

மாமாங்கத் தீர்த்தம் என்றால் ஆடி அமாவாசை. ஆடி அமாவாசை ஜூலை நடுவுக்கும் ஓகஸ்ட் நடுவுக்கும் இடையில்தான் வரும். அங்கேயே விரல்விட்டு எண்ணினேன். நோன்பு சந்திரக் கணக்கில் வருவது, ஒவ்வொரு வருடமும் பதினொரு நாளுக்குச் சற்றுக் குறைவாக முன்னுக்கு நகரும். இந்த வருடம் பெப்ரவரி நடுக்கூற்றைத் தாண்டித் தொடங்கியது. பதினாறு வருடம் பின்னோக்கிப் போனால் ஏறத்தாழ நூற்றெழுபத்துநான்கு நாள். இரண்டாம் நோன்பு ஓகஸ்ட் பதின்மூன்றில் போய் விழுந்தது. ஓகஸ்ட் பன்னிரண்டு, பதின்மூன்று, எரிகல் மழைக்காக நான் எந்த வருடமும் தவறவிடாத நாட்கள்.

"ஹாஜியார், நீங்க கண்டது சரி. தேடின நாள்தான் பிழை."

"என்ன பிழை? நோன்பு நோன்புதானே?"

அவருக்கு விளங்கும்படி சொல்ல ஒரு மணல் லொறி உதவியது. வால்வெள்ளி ஒன்று சூரியனைச் சுற்றி வரும்போது, மூடாமல் ஓடும் மணல் லொறி வீதி நெடுகச் சிந்திக்கொண்டு போவதுபோல, தன் பாதை முழுக்கத் தூசியைச் சிந்திவிடுகிறது. லொறி ஒரு சுற்றுச் சுற்றி வர நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாகும். மணல் வீதியில் கிடக்கும். நம்முடைய பூமி வேறொரு வீதியில் ஓடுகிற பஸ். சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு ஒரு வருடம். இரண்டு வீதியும் ஒரு சந்தியில் வெட்டுகின்றன. பஸ் அந்தச் சந்தியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் தூசி நம் காற்றில் மோதி எரிகிறது. எரிவது பெரும்பாலும் மணல் அளவான துணுக்குகள்தான், நட்சத்திரம் ஒன்றும் விழுவதில்லை.

"அப்ப, சந்திக்கு பஸ் எப்ப வரும்?"

"ஓகஸ்ட் பன்னிரண்டு, பதின்மூன்று. இங்கிலீஷ் கலண்டர் சூரியனோட போறது. அதில ஒரு திகதி எண்டா, பாதையில ஒரு இடம். வருஷம் முந்நூற்றறுபத்தைந்தே கால் நாள் எண்டபடியா, ஒவ்வொரு வருஷமும் ஆறு மணித்தியாலம் பிந்தும். லீப் வருஷத்தில அதைப் பிடிச்சுத் திருப்பி இழுத்துப்போடும். அதுதான் ரெண்டு நாளுக்குள்ள ஆடுது."

"நோன்பு?"

"நோன்பு நிலாவோட போறது. நீங்க அடுத்த வருஷம் மாடி ஏறினபோது பஸ் சந்திக்கு வர இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதுக்கடுத்த வருஷம் இருபத்திரண்டு நாள். நீங்க சந்தியில நிக்கிறதா நினைச்சு, ஒவ்வொரு வருஷமும் ஒரு பஸ் தரிப்பிடம் முன்னுக்கே இறங்கியிருக்கீங்க."

அவர் மனைவி வாசலுக்கு வந்து நின்றார். "அப்ப இவ்வளவு காலமும் என்னைப் பிழையான தரிப்பிடத்தில எறக்கியா வெச்சாரு?"

"நோன்பும் அந்தச் சந்தியும் திரும்பவும் சேரும் தங்கச்சி. இன்னும் பதினாறு பதினேழு வருஷத்தில."

"அதுக்குள்ள நான் மௌத்தாயிருவன்" என்றார் ஹாஜியார். "இந்த ஓகஸ்டுக்குப் போவம்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எரிகல் மழை வரும்; அதில் சந்தேகம் இல்லை. இந்த வருடம் அந்த நாளில் அமாவாசை என்பதால் நிலா வெளிச்சமும் கிடையாது. ஆனால் முகில்? அன்று முகில் மூடினால் அவர் என்ன நினைப்பார்? நாற்பத்தெட்டுடன் இன்னொன்று. அதுவும் நான் பொறுப்பெடுத்துக் கூட்டிப்போன ஒன்று. காத்தான்குடியில் இப்போது தெருவிளக்குகள் அதிகம், மாடி சரிவராது. வெல்லாவெளியில் என் மைத்துனருடைய வட்டையில், அறுவடை முடிந்த வயல்வெளி ஓரமாக, காவலுக்குத் தங்கும் ஒரு வாடி இருக்கிறது. அங்கே யானை வரும். யானைவேலிக்கு மின்சாரம் ஓடுகிறதா என்று மைத்துனரை நான்கு தடவை தொலைபேசியில் கேட்டேன். ஐந்தாம் தடவை அவர் எடுக்கவில்லை.

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த சனம் வீதியெல்லாம் கலைந்துகொண்டிருந்த மாலையில், மூவரும் ஒரு ஓட்டோவில் புறப்பட்டோம். ஹாஜியாருடைய மனைவி பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டி நிறைய ரொட்டியும் கொண்டுவந்தார். பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கும்போது வாவிக்கு மேற்கே கருமுகில் குவிந்து மின்னியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜியார் சொன்னார்:

"மாஸ்டர்ர மூஞ்சியப் பாத்தா நாங்க ஜனாஸா அடக்கத்துக்குப் போற மாதிரி இருக்கு."

வாடிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு பாட்டம் மழை கொட்டியது. ஒன்பதரைக்கு விட்டது. பன்னிரண்டாகியும் முகில் கலையவில்லை. நல்லது விடியற்புறம்தான் என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை, உண்மை. ஓடுகிற பஸ்ஸின் முன்கண்ணாடியில்தான் பூச்சிகள் அதிகம் மோதும். நடுச்சாமத்துக்குப் பிறகு நாம் இருக்கும் பக்கம் பூமி ஓடுகிற திசையைப் பார்க்கத் திரும்புகிறது. இந்த எரிகல் மழை புறப்படுவதாகத் தெரிகிற வடகிழக்குப் பகுதியும் அப்போதுதான் மேலே ஏறும்.

இரண்டரைக்கு முகில் விலகியது. மூன்று பாய்களை விரித்தோம். இருட்டுக்குப் பழகிய கண் கூசாதபடி நான் டோர்ச் லைட்டில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஹாஜியாரைப் பார்த்தால், அவர் வாயைத் திறந்தபடி நித்திரை.

"அல்லாஹ்!" என்று ஒரு குரல்.

நான் நிமிர்ந்தேன். ஒன்றும் இல்லை. அவர் மனைவி எழுந்து உட்கார்ந்து, வடக்கே விரலை நீட்டியபடி இருந்தார்.

"இஞ்சருங்க! எழும்புங்க! ஒண்டு போச்சு, பெரிசு. பச்ச நெறம். பொகை மாதிரி கோடு நிண்டது."

ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வானம் சும்மா இருந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பதினாறு வருடம் சேர்த்து வைத்திருந்ததை நிதானமாகச் சொன்னார்:

"கறி அடுப்பில இருந்ததா புள்ள? கனவு கண்டிருப்பீங்க."

"என்ட கண்ணால கண்ட!"

"நானும் என்ட கண்ணாலதான் கண்ட."

மனைவி சண்டைக்கு வாய் திறக்குமுன் வடக்கிலிருந்து ஒன்று எங்கள் தலைக்கு மேலே நீண்டு ஓடியது. உடனேயே இன்னொன்று. மூவரும் கண்டோம். மூவரும் ஒன்றாக ஒரு சத்தம் போட்டோம், வட்டைக்கு அப்பால் நாய்கள் குரைத்தன.

பாங்கு நேரம் வரை பார்த்தோம். நான் அறுபத்தொன்று எண்ணினேன். ஹாஜியார் எண்பதுக்கு மேல் என்றார். அவர் மனைவி நூறு என்று நின்றார். முதலாவதை நான் காணாததால் என் எண்ணிக்கையில் அதைச் சேர்க்க முடியாது என்று சொன்னபோது அவர் என்னோடு கோபித்துக்கொண்டு, ரொட்டிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஹாஜியார் மட்டும் வடக்குப் பக்கமே பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். பிறகு, "இதுதான்" என்றார். "இப்பிடித்தான் மாஸ்டர். அண்டைக்கும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது."

திரும்பிப் போனபோது மகன் கடை திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தான். தாய் செருப்பைக் கழற்றாமலே சொல்லத் தொடங்கினார். பச்சை நிறம், புகைக்கோடு, நூறு. மகன் சிரித்தான்.

"உம்மாவுக்குமா நட்சத்திர மழை?"

"சிரிக்காத. உன்ட வாப்பா சொன்னது அத்தனையும் சரி. இனி இந்த வீட்டில ஆரும் அதச் சொல்லிச் சிரிக்கப்படாது."

மகன் தகப்பனைப் பார்த்தான். அவர் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தார். அது அவர் நெற்றியில் இருந்தது. மகன் அதை மெல்ல இறக்கிவிட்டான். மறதி போய்விடவில்லை, போகவும் மாட்டாது. ஆனால் அவர் தடுமாறவில்லை.

"மாஸ்டர், அடுத்த வருஷம் என்ன திகதி?"

"இதே பதின்மூன்று, விடியப்புறம். ஆறு மணித்தியாலம் பிந்தும், பரவாயில்ல. நிலா இருக்கும், ஆனா விடியுமுன் இறங்கிரும். முகில்தான்..."

"முகில விடுங்க" என்றார். "பஸ் சந்திக்கு வரும்தானே?"

"வரும்."

"அப்ப நாங்களும் வாறம்."