கேட்டுவிட்டு வாயை மூடு

முதல் வேலைக்குச் சம்பளம் பேசப் போன அன்று நான் கட்டியிருந்த டை என் அறைத்தோழனுடையது. வாயில் வைத்திருந்த வசனமும் அவனுடையதுதான். பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் கணக்கியல் படித்தோம். அவன் எனக்கு முன்பே கோலாலம்பூரில் வேலை வாங்கிவிட்டதால், சம்பளம் பேசுவதில் தன்னை ஒரு வல்லுநராக அறிவித்துக்கொண்டிருந்தான்.

நான் செய்த முதல் தப்பை அவன்தான் கண்டுபிடித்தான். வேலை விண்ணப்பத்தில் ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்ற கட்டத்தில் ‘நெகோஷியபல்’ என்று எழுதியிருந்தேன். மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். “அதுக்கு அர்த்தம் என்னா தெரியுமாடா? என்ன போட்டாலும் தின்னுட்டுப் போயிருவேன்னு அர்த்தம்” என்றான்.

கம்பெனி பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் இருந்தது. கப்பலில் வரும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ். கணக்குப் பிரிவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. மாதச் சம்பளம் இரண்டாயிரத்து முந்நூறு மலேசிய வெள்ளி என்று போனில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வந்து கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

தோழன் கணக்குப் போட்டான். சுங்கை பாக்காப்பில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், படிப்புக் கடன் தவணை, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் போனால் எனக்கு மிஞ்சுவது டீ காசு. இரண்டாயிரத்து அறுநூறு கேள் என்றான். அடுத்த வேலைக்குப் போனால் ‘இப்போது என்ன வாங்குகிறாய்’ என்றுதான் முதலில் கேட்பார்கள், இன்றைக்குக் குறைந்தால் கடைசிவரை குறையும் என்று பயமுறுத்தினான். அலவன்ஸ் என்று நீட்டினால் மயங்காதே, பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தைக் கேள், ஈ.பி.எப்., போனஸ் எல்லாம் பேசிக்கில்தான் என்றான். கடைசியாக அந்த மந்திரத்தைச் சொன்னான்: “நம்பர சொல்லு. சொல்லிட்டு வாய மூடு. அதுக்கப்புறம் யாரு மொதல்ல பேசுறாங்களோ அவங்க தோத்தாங்க.”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வேண்டாம் என்று எழுந்து வர எனக்கு வேறு வேலை எதுவும் கையில் இல்லை. அது மட்டுமல்ல, போன் வந்த அன்றே அம்மா கேசரி கிண்டி எங்கள் வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். ஒரு வீட்டுப் பையன் கேசரிக்குப் பிறகு வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அப்பாவுக்கு வேறு கவலை. அவர் பாயான் லெப்பாசுக்கு பேக்டரி பஸ் ஓட்டுகிறார். எனக்குத் தருவதாகச் சொன்ன தொகையே அவர் சம்பளத்தைவிட அதிகம். அதற்கு மேல் நான் கேட்கப் போகிறேன் என்றதும் அவர் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, “குடுக்குற கைய புடிச்சு இழுக்கக் கூடாதுய்யா. நான் இத்தன வருசத்துல ஒரு வாட்டி கேட்டதில்ல” என்றார். அது பெருமையா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பினாங்குப் பாலத்தில் காற்று அந்த டையைத் தூக்கி என் வாயிலேயே அடித்தது. அதையும் மீறி ஆங்கிலத்தில் வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். ஆபீஸ் கௌண்டரில் சேலை கட்டிய ஓர் அம்மாள் பிஸ்கெட்டை மைலோவில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, எச்.ஆர். மேனேஜரப் பாக்கணும்.”

“நான்தான் தம்பி. உள்ள வாங்க.”

அங்கேயே என் தோல்வி ஆரம்பித்துவிட்டது. அக்கா என்று கூப்பிட்டாகிவிட்டது. அக்காவிடம் சாப்பாடு கேட்கலாம், குடை கேட்கலாம். சந்தை நிலவரத்தை மேற்கோள் காட்டி முந்நூறு வெள்ளி கூடக் கேட்பது எப்படி? இருந்தாலும் உட்கார்ந்ததும் ஆங்கிலத்துக்கு மாறி, என் தகுதியையும் தற்போதைய சந்தை விலையையும் கருத்தில் கொண்டு இரண்டாயிரத்து அறுநூறு எதிர்பார்ப்பதாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தமிழில் பதில் சொன்னார். புதிதாகப் படித்து முடித்து வருபவர்கள் எல்லாருக்கும் இங்கே ஒரே ஆரம்பச் சம்பளம்தானாம். போன வருடம் சேர்ந்த பெண்ணும் அதில்தான் தொடங்கினாராம். வேண்டுமானால் பெட்ரோலுக்கு நூறு வெள்ளி அலவன்ஸ் கேட்டுப் பார்க்கலாமாம்.

பேசிக்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு மந்திரப்படி வாயை மூடினேன்.

அவரும் பேசவில்லை. ஏர்கான் தண்ணீர் சொட்டு சொட்டாக வாளியில் விழுந்தது. அவர் மைலோவைக் குடித்தார். நான் அவருடைய காலண்டரைப் பார்த்தேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவர் மிச்ச பிஸ்கெட்டைத் தின்று, கையைத் துடைத்து, கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

“சரி தம்பி, சந்தோசம். இங்க ஒரு சைன், பின்னால ஒரு சைன்.”

கோலாலம்பூரில் மௌனத்துக்கு என்ன விலையோ எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் பெண் பார்ப்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் மௌனம் என்றால் சம்மதம். அவர் தமிழ் அக்கா. நான் தமிழ்த் தம்பி. வாயை மூடி இரண்டாயிரத்து முந்நூறுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன்.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். திரும்ப மூடினேன். மனப்பாடம் செய்த ஆங்கிலம் முழுக்க மறந்துபோயிருந்தது.

“இல்லக்கா, நான் ஒத்துக்கல. சும்மா இருந்தேன்.”

“ஏன் சும்மா இருந்தீங்க?”

“கூட்டாளி இருக்கச் சொன்னான்.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் வெட்கத்தில் மேலும் உளறினேன். அப்பாவைவிட எனக்கு அதிகம் வருகிறது, அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்காமல் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

“பாஸ் கிட்ட போயி ஒங்க அப்பாவப் பத்தி சொல்ல முடியாது தம்பி. கம்பெனிக்கு என்னா லாபம்? அத சொல்லுங்க.”

யோசித்தேன். பயிற்சிக்குப் போன இடத்தில் புதிதாக வந்த இ-இன்வாய்ஸ் வேலை முழுவதையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். வாடிக்கையாளரின் வரி எண் பொருந்தாமல் வருமான வரி இலாகாவின் இணையத்தளம் திருப்பி அனுப்பும் இன்வாய்ஸ்களை எல்லாம் தேடிப் பிடித்துத் திருத்துவதே என் பிழைப்பாக இருந்தது. பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அதை விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. சொன்னேன்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? இங்க அத நான்தான் செஞ்சிக்கிட்டு இருக்கேன். தெனம் அழுவுறேன் லா.”

கடிதத்தை எடுத்துக்கொண்டு பாஸ் அறைக்குள் போனார். பாஸின் ஹொக்கியன் சீனத்தில் அவர் பேசுவது கேட்டது. எனக்கு விளங்கிய ஒரே சொல் ‘இன்வாய்ஸ்’. அது பலமுறை வந்தது, ஒவ்வொரு முறையும் சோகமாக வந்தது. திரும்பி வந்து, பேசிக் இரண்டாயிரத்து நானூற்றைம்பது, அதற்கு மேல் பாஸ் மசியமாட்டார், மூன்று மாதத்தில் வேலை நிரந்தரமானால் நூறு ஏற்றுவதாகச் சொல்கிறார் என்றார்.

“சொல்றார்னா… கடிதத்துல எழுதுவீங்களா அக்கா?”

யாரும் சொல்லிக் கொடுக்காமல் என் வாயிலிருந்து வந்த ஒரே வசனம் அதுதான். அவர் கணினியைத் திறந்து அந்த வரியைச் சேர்த்து, புதிதாக அச்சடித்துக் கொடுத்தார். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

கேட்டது கிடைக்கவில்லை என்று தோழன் போனில் திட்டினான். அம்மா மறுபடி கேசரி கிண்டலாமா என்று யோசித்தார். அப்பா மட்டும் நடந்ததை முழுதாகச் சொல்லச் சொன்னார், மௌனமாக இருந்த இடத்தைத் திரும்பவும் சொல்லச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பஸ்ஸைப் போட்டுவிட்டு வந்தவர், சட்டையைக் கழற்றாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு சூப்பர்வைசர் கிட்ட கேட்டுட்டேன்யா. சம்பளம்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “என்னா சொன்னாரு?”

“ஒன்னும் சொல்லல. வாய மூடிக்கிட்டு நின்னான்.” அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். “சம்மதம்னு நெனச்சுக்கிட்டு, டெரிமா காசின்னு மலாய்ல நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.”